அம்மா படுத்துத் தூங்கிய அந்த இரவுக்காக

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான், அன்றைக்கு ராத்திரி ரத்த வங்கி வாசலில் உங்களைப் பார்த்ததும் பேச்சு வராமல் நின்ற அக்கா. நீங்கள் கிளம்பும்போது ஒரு 'தேங்க்ஸ்' மட்டும்தான் சொன்னேன். அதைக்கூட ஒழுங்காகச் சொன்னேனா என்று நினைவில்லை. பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்தபிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். நேற்று வந்துவிட்டார். இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார்.

வாசலில் நான் எதுவும் விளக்கிச் சொல்லவில்லை, நீங்களும் துருவிக் கேட்கவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்கு அம்மாவுக்குக் கீமோ தொடங்கிப் பத்தாவது நாள் அது. ரத்த அணுக்கள் இறங்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனால் காலையில் பதினெட்டாயிரம் இருந்த ப்ளேட்லெட் சாயங்காலம் ஆறாயிரத்துக்கு வந்துவிட்டது. எட்டு மணிக்கு மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. பஞ்சு வைத்து அடைத்தார்கள், அப்புறமும் தொண்டை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது. படுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்று அம்மாவை உட்காரவைத்தே வைத்திருந்தார்கள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை துப்பியதும் அம்மா கிண்ணத்தைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பதுதான் எனக்கு அன்றைக்கு இருந்த பெரிய வேலை.

ரத்த வங்கிக்கு ஓடினேன். அவர்கள் கையில் எதுவும் இல்லை. சிவப்பணுக்களை ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ப்ளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதையும் சும்மா வைக்க முடியாதாம், அறை வெப்பத்தில் விடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இருந்த கடைசிப் பையும் அன்று மதியம் வேறொரு நோயாளிக்குப் போய்விட்டது. "ஆள் வந்தால்தான் முடியும் மேடம்" என்றார் அங்கிருந்தவர்.

முதலில் என் அலுவலக நண்பர் ஒருவர் வந்தார். முந்தின நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தார். அதைச் சாப்பிட்டால் ப்ளேட்லெட் சரியாக வேலை செய்யாது, மூன்று நாள் கழியாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து வந்த பெண்ணுக்கு நரம்பு மெல்லியதாக இருந்தது, மெஷின் ஊசிக்குத் தாங்காது என்றார்கள். அந்தப் பெண் அழுதுவிட்டாள், நான்தான் தேற்றி அனுப்பினேன். அப்போது மணி பதினொன்று. தோழியின் தம்பி மூலமாக உங்கள் நம்பர் கிடைத்தது. நான் பாதி சொல்லும்போதே, "எந்த ஆஸ்பத்திரி அக்கா? வேலை இப்பத்தான் முடிஞ்சுது, நேரா வரேன்" என்றீர்கள். அந்த 'அக்கா'வைக் கேட்டதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வந்ததும் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதலில் ரத்தப் பரிசோதனை, அதன் முடிவுக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு, அப்புறம்தான் மெஷின். ஏற்கெனவே பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர் நீங்கள். அந்த மர பெஞ்சில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு தடவைகூட நேரம் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே நடந்ததையும் பார்த்தேன். உங்கள் ரத்தம் குழாயில் வெளியே வந்து, மெஷினில் சுற்றி, ப்ளேட்லெட்டை மட்டும் விட்டுவிட்டு மறுபடி உங்களுக்கே திரும்பிப் போனது. ஒன்றரை மணி நேரம் அந்தக் கையை நீங்கள் அசைக்கவில்லை. நடுவில் உதடு குறுகுறுக்கிறது என்று நீங்கள் சொன்னதும் அந்த டெக்னீஷியன் பெண் கால்சியம் மாத்திரை கொடுத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டார். எனக்குப் பயம். "நிறுத்திடலாமா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் திரும்பி, "அம்மா இப்ப உட்கார்ந்துதான் இருக்காங்களா?" என்று கேட்டீர்கள். போகிறபோக்கில் நான் ஒரே ஒரு முறை சொன்னதை நினைவில் வைத்திருந்தீர்கள்.

மேலே தொங்கிய பை மெல்ல நிறைந்தது. சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெளுத்த மஞ்சளாக இருந்தது. வெயில் பட்ட வைக்கோல் நிறம். அந்தப் பையை வார்டுக்கு எடுத்துப் போகும்போது கூடவே நடந்தேன். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், நர்ஸ் சரி என்றார். சில்லென்று இருக்கும் என்று நினைத்துத் தொட்டால், இல்லை. ஃபிரிட்ஜையே பார்க்காமல் உங்கள் கையிலிருந்து நேராக வந்த பை அது.

மூன்றே காலுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். நாலு மணிக்குப் பை காலி. நாலே காலுக்கு அம்மா துப்பியதில் சிவப்பு குறைந்திருந்தது. அதற்கடுத்த தடவை வெறும் எச்சில்தான். டாக்டர் வந்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "இனி சாய்ந்து படுக்கலாம்" என்றார். எட்டு மணி நேரம் கழித்து அம்மா தலையணையில் தலை வைத்தார். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். காலையில் ப்ளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். அந்த எண்ணைத் தாளில் பார்த்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கிளம்பும்போது நீங்கள் சொன்ன ஒன்று எனக்கு ஒப்பவே இல்லை. "சாதாரண பி பாசிட்டிவ்தானே அக்கா, இதுல என்ன இருக்கு" என்றீர்கள். தம்பி, அன்றைக்கு அந்தச் சாதாரண குரூப்பில் ஒரு பைகூட இல்லை. குரூப் பொருந்தினால் மட்டும் போதாது. மாத்திரை சாப்பிடாத ஒருவர் வேண்டும், நல்ல நரம்பு வேண்டும், நடுராத்திரி போனை எடுக்க வேண்டும், அப்புறம் மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும். பணம் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அதை வைத்து வாங்க அங்கே ஒன்றும் இல்லை. உங்கள் வண்டிச் செலவுக்கு நீட்டியதையும் நீங்கள் வாங்கவில்லை.

அம்மாவைப் பார்க்க உங்களைக் கூட்டிப்போக முடியாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தொற்று பயத்தால் வெளியாட்களை உள்ளே விடவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்ட கை வலிக்குதாமா?" உங்களிடம் கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பில் ஓரிரண்டு நாளில் அது மறுபடி ஊறிவிடும் என்று டாக்டர் சொன்னபிறகுதான் அம்மாவுக்குச் சமாதானம் ஆனது.

நடுவில் இன்னும் இரண்டு தடவை ஏற்ற வேண்டியிருந்தது, அதற்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். இப்போது அம்மாவின் உடம்பே உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிட்டது. போன முடிவில் தொண்ணூற்றாறாயிரம். சிகிச்சை இன்னும் பாக்கி இருக்கிறது, அது நீளமானதுதான். ஆனால் நேற்று வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தன் கட்டிலுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். நான் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்களோடு பேச வேண்டுமென்று அம்மா நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி வேலை பார்ப்பவர், பகலில் தூங்குவார், தொந்தரவு செய்யாதே என்றும் அவரே சொல்கிறார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று மட்டும் ஒரு வரி அனுப்புங்கள் தம்பி. அந்த நேரத்துக்குப் போனை அவர் கையில் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா