கச்சான் காத்து தட்டுதுன்னு நினைச்சேன், ஜமீலா வந்து நிக்கிறா!

படத்துல வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறது நான். கையெல்லாம் தோசை மாவு. வாசப்படியில, தோள்ல ஒரு பை, கையில ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவதான் ஜமீலா. ஆறு வருஷம் கழிச்சு, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாம, காலங்காத்தால எங்க வீட்டு வாசல்ல! படத்தை எடுத்தது எம் மக. குதிச்சுக்கிட்டே எடுத்ததால கொஞ்சம் ஆடிருக்கு. ஆடட்டும். இதைவிட நல்ல படம் எங்கிட்ட வேற இல்ல.

நடந்ததைச் சொல்றேன். பாம்பன்ல ஆடி மாசம்னா காத்து எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். கச்சான் அடிக்க ஆரம்பிச்சா தென்கடல் பக்கம் நாட்டுப்படகு இறங்க முடியாது, எல்லாம் வடகடலுக்குப் போயிரும். வீட்டுக்குள்ள மண்ணா வந்து விழும். அதனால வாசக் கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டுத்தான் வச்சிருப்போம். நாள் முழுக்க அது தடதடன்னு ஆடிக்கிட்டே கிடக்கும். இன்னைக்கும் அப்படித்தான் ஆடுதுன்னு நான் அடுப்படியை விட்டு நகரல. மக மட்டும், "அம்மா, யாரோ தட்டுறாங்க"ன்னா. "காத்துடி"ன்னு சொல்லிட்டு ரெண்டாவது தோசையை ஊத்துறேன்.

அப்பதான் வெளியில இருந்து ஒரு சத்தம்.

"மாமி! அவ எந்திரிச்சாச்சா?"

தோசைக் கரண்டி கையில இருந்து விழுந்திருச்சு. முகத்தைப் பாக்கலை, பேரைக் கேக்கலை. அந்தக் குரல் போதும். ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் தினம் காலையில எங்க வாசல்ல கேட்ட குரல் அது. என்னைக் கூப்பிட மாட்டா, எங்க அம்மாவைத்தான் கூப்பிடுவா. அம்மா உள்ள இருந்தே, "இன்னும் தலை சீவல, நீ வந்து ஒரு வாய் தின்னு"ம்பாங்க. நான் கிளம்புறதுக்குள்ள அவ எந் தட்டுல பாதியைத் தின்னு முடிச்சிருப்பா.

ஓடிப் போயி கொண்டியை எடுக்கிறேன், கதவு காத்துல படார்னு தொறக்குது, முக்காடு பறக்க நிக்கிறா. ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. மாவுக் கையோட கட்டிப் பிடிச்சேன். அவ நல்ல சுடிதார் முதுகுல எங் கை அச்சு அஞ்சு விரலும் அப்படியே இருக்கு. தொடைக்க விடமாட்டேங்கிறா.

"சொல்லிருந்தா டேசனுக்கு வந்திருப்பேன்ல டீ"ன்னு கேட்டேன். "என்னைக்குடி நாம சொல்லிட்டு வந்தோம்?"ங்கிறா. வாஸ்தவந்தான். அவ வீட்டுக்கு நான் போறதுக்கும், எங்க வீட்டுக்கு அவ வர்றதுக்கும் அந்தக் காலத்துல யாரு சொன்னா, யாரு கேட்டா? நோம்பு நேரத்துல சாயங்காலம் கஞ்சி வாங்க நான் தூக்கு எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு எங்க வீட்ல முதல் இலை அவளுக்கு.

தாம்பரத்துல ராத்திரி ரயிலேறி, ராமேஸ்வரம் வரைக்கும் போயி, அங்க இருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கா. பஸ்லயே நேரா மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கலாம். ஆனா அவளுக்குப் பாலத்து மேல வரணும். பழைய பாலம், 1914-ல தொறந்தது, அது மேல நாங்க மீட்டர்கேஜ் ரயில்ல எத்தனை தடவை போயிருக்கோம்! வண்டி ஊர்ந்து போகும், சன்னலுக்குக் கீழ பாத்தா வெறும் தண்ணி. அவ எங் கையை நசுக்கிருவா. கப்பல் வந்தா நடுப்பாலத்தை ஆளுங்க கையாலயே சுத்தித் தூக்குறதைப் பாக்க, பள்ளிக்கூடம் விட்டு ரோட்டுப் பாலத்துக்கு ஓடுவோம். 2022 டிசம்பர்ல அந்தப் பாலத்துல ரயிலை நிறுத்தினப்போ போன் போட்டு அழுதவ இவ. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்தப்போ, "வந்தா அது மேலதான் வருவேன்"னு சொன்னா. நான் பேச்சுக்குச் சொல்றான்னு நினைச்சேன். விடியக் காலையில சன்னலோரம் உக்காந்து வந்தாளாம். பக்கத்துல பழைய பாலத்தையும் பாத்தாளாம். "யாரு கையைப் பிடிக்கிறதுன்னு தெரியலைடி"ன்னா. அதைக் கேட்டு நான் ஒண்ணும் பேசலை.

இப்ப அந்தத் தூக்குவாளியைச் சொல்லணும். படத்துல நல்லாப் பாருங்க, மூடியில ஒரு நசுங்கல் இருக்கும். அது எங்க வீட்டு வாளி. 2019-ல அவ கடைசியா வந்தப்போ, அம்மா அதுல நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் போட்டுக் குடுத்து விட்டாங்க. "வாளியை அடுத்த தடவை வரும்போது கொண்டு வா, தொலைச்சிராதே"ன்னாங்க. அடுத்த தடவைக்கு அம்மா இல்ல. 2023-ல அவங்க போனப்போ ஜமீலாவுக்குப் பிரசவ நேரம், படுத்த படுக்கை, வர முடியல. அந்த ஏக்கம் அவளுக்கு இன்னும் போகலைன்னு எனக்குத் தெரியும். போன்ல அதைப் பத்திப் பேச வந்தாலே வேற பேச்சுக்குப் போயிருவா.

வாளியைக் குடுத்தா. தொறந்தேன். தொதல்! கருப்பட்டியும் தேங்காப்பாலும் அரிசி மாவும் போட்டு, அவங்க கீழக்கரைப் பாட்டி நன்னியோட பக்குவத்துல, கை ஓயக் கிண்டி, முந்திரியெல்லாம் போட்டு, மெட்ராஸ்ல அவளே செஞ்சது. "மாமி வாளியை வெறும் வாளியாக் குடுக்கலாமா?"ன்னா. நேரா அம்மா படத்துக்கு முன்னாடி கொண்டு போயி வச்சா. அப்புறந்தான் ரெண்டு பேரும் அழுதோம். ரொம்ப நேரம் அழுதோம். எம் மக என்ன ஏதுன்னு தெரியாம ரெண்டு பேருக்கும் தண்ணி கொண்டாந்து குடுத்தா.

தெரிஞ்சுதான் "மாமி"ன்னு கூப்பிட்டியாடீன்னு கேட்டேன். "இல்லடி, வாசலைப் பாத்ததும் வாய் தானா கூப்பிட்டிருச்சு"ன்னா. ரெண்டு வருசமா அந்த வாசல்ல யாரும் அம்மாவைக் கூப்பிடலை. இன்னைக்குக் கூப்பிட்டாச்சு.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் கடல்ல இருந்து வந்தார். வடகடல்ல நண்டு வலை. இவளைப் பாத்ததும், ஏவாரிக்குக் குடுக்கப் பிரிச்சு வச்சதுல நல்ல பெரிய நண்டா எட்டு எடுத்துத் தனியா வச்சுட்டார். "தங்கச்சி வந்திருக்கு, இன்னைக்கு இது விலைக்கு இல்ல"ன்னார். நம்ம முண்டு மிளகாய் அரைச்சு ஊத்தி, முருங்கைக்கீரை ரெண்டு கொத்துப் போட்டு, அம்மா வைக்கிற மாதிரியே வச்சேன். ஓடு ஓடா உறிஞ்சித் தின்னா. "புளி மட்டும் மாமி இன்னும் கொஞ்சம் கூட ஊத்துவாங்க"ன்னா. சரியாச் சொல்லிட்டா.

இப்ப மணி மூணு. நடு வீட்ல, பழைய ஓலைப் பாயில, அம்மா படுக்கிற இடத்துல படுத்துத் தூங்குறா. ராத்திரி பூரா ரயில்ல முழிச்சுக்கிட்டு வந்திருக்கா. நாலு நாள் இருப்பேன்னு சொல்லிருக்கா. நாளைக்குக் குந்துகால் பக்கம் போகணுமாம். சாயங்காலம் ரோட்டுப் பாலத்துல நின்னு ரயில் போறதைப் பாக்கணுமாம், இந்தத் தடவை எம் மகளையும் கூட்டிக்கிட்டு.

கதவு தடதடன்னு ஆடிக்கிட்டே இருக்கு. அவ தூக்கம் கலையக் கூடாதுன்னு முதுகைக் குடுத்துச் சாஞ்சு உக்காந்துக்கிட்டு இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

#பாம்பன் #ஜமீலாவந்தாச்சு