மைக்குட்டியும் அந்திச் சத்தமும்

மைக்குட்டி கூட்டை விட்டுப் பறக்கத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே இன்னும் சிவப்பாகவே இருக்கும். குஞ்சுக் காக்கைகளுக்கெல்லாம் அப்படித்தான், வளர வளரக் கறுத்துவிடும்.

பொழுது சாய்ந்தால் அந்தப் பெரிய ஆலமரத்துக்கு நாலா பக்கமிருந்தும் காக்கைகள் வந்து சேரும். பத்து, இருபது, நூறு, இன்னும் வந்துகொண்டே இருக்கும். வந்ததும் தூங்குமா? தூங்காது. கா! கா! கா! மரமே அதிரும்.

மைக்குட்டிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

"அம்மா, எதுக்கு இப்படிக் கத்துறாங்க? சண்டையா?"

"சண்டை இல்லடா."

"இடத்துக்குப் போட்டியா?"

"அதுவும் கொஞ்சம் உண்டு. நடுக்கிளை கிடைச்சா யாருக்குத்தான் வேண்டாம்?" என்று அம்மா சிரித்தாள். "கண்ணை மூடிக் கேட்டுப் பாரு."

மைக்குட்டி கண்ணை மூடினான். முதலில் ஒரே இரைச்சல். பிறகு, மெல்ல மெல்ல, சத்தம் தனித்தனியாகப் பிரிந்தது. இழுத்து இழுத்துக் கரைவது பாட்டி. வெட்டி வெட்டிக் கரைவது அத்தை. உச்சிக் கிளையில் கனத்த குரல் அப்பா.

"அம்மா! ஒவ்வொருத்தர் குரலும் வேற வேற!"

"அப்ப யார் குரல் இல்லைன்னு சொல்லு பார்ப்போம்."

மைக்குட்டி மறுபடி கேட்டான். திடுக்கென்று கண் திறந்தான்.

"கரகர மாமா!"

தொண்டையில் மணல் சிக்கியது போலக் கரையும் மாமாவின் குரல் எங்குமே இல்லை. வானம் சிவப்பிலிருந்து சாம்பலாகிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் ஆந்தை கிளம்பிவிடும். ஆந்தை பறந்தால் சிறகுச் சத்தமே கேட்காது. இருட்டிலும் அதற்குக் கண் தெரியும், காக்கைக்கோ தெரியாது. தனியாக அகப்பட்ட காக்கை பாவம்!

பாட்டியும் அதைக் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. "கா…ஆ…ஆ!" என்று எழும்பிக் கரைந்தாள். அத்தை சேர்ந்துகொண்டாள். அப்பா, பிறகு மரம் முழுக்க. மைக்குட்டிக்குத் தூக்கமெல்லாம் பறந்தே போய்விட்டது. கிளையை இறுகப் பிடித்து, சிவந்த வாயை அகலத் திறந்தான்.

"க்கீ… க்கா!"

கீச்சென்றுதான் வந்தது. பரவாயில்லை என்று மறுபடி கரைந்தான், மறுபடியும்.

தொலைவில், வயல்களுக்கு அப்பாலிருந்து, "க்ர்ர்கா…"

"மாமா! அம்மா, மாமா!"

ஒரு சிறகைச் சற்றுத் தாழ்த்தியபடி மாமா தட்டுத்தடுமாறி வந்து கிளையில் இறங்கினார். கூட்டம் நெருங்கி நகர்ந்து நடுவில் அவருக்கு இடம் விட்டது. மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார்: "எதிர்க்காத்து தள்ளிருச்சு. இருட்டுல மரம் எந்தப் பக்கம்னே தெரியல. சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வந்தேன். ஆமா, நடுவுல கீச்சுக்கீச்சுன்னு ஒரு புதுக் குரல் கேட்டுச்சே, யாரு அது?"

யாரும் பதில் சொல்லவில்லை. மரம் அடங்கிவிட்டது. அம்மாவின் சிறகோரம் ஒட்டிக்கொண்டு, அலகை இறகுக்குள் புதைத்து, மைக்குட்டி எப்போதோ தூங்கிப் போயிருந்தான்.