2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு – கும்பகோணம் கடையில் கிடைக்கும்

ஐந்து லிட்டர் குக்கர் வரை தாராளமாக வைக்கலாம். பாத்திரத்தோடு சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் ஆகும். 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள்.

பால், சாதம், தோசை, பொரியல், குக்கர் என ஐந்து பட்டன்கள். பால் பட்டன் மெதுவாகச் சூடேற்றும். காலைக் காபிக்கு அதுவே போதும். தோசைக்கு மட்டும் பட்டனை நம்பாமல் 1200 வாட்டில் கையால் வைப்பது நல்லது என்பது என் அனுபவம்.

பாத்திரம்தான் முக்கியம். அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக 12 முதல் 22 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். இரும்பு தோசைக்கல் அருமையாக வேலை செய்யும். பித்தளை, செம்பு, அலுமினியம், மண்சட்டி எதுவும் சூடாகாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அப்படித்தான், அதற்குக் கேஸ் அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரிலும் சிலதில் காந்தம் ஒட்டாது. வீட்டுப் பாத்திரத்தைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், வைத்தே பார்த்துவிடலாம்.

பால் பொங்கினால் ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று. கண்ணாடி ஆறி, ஃபேன் நின்ற பிறகு துடையுங்கள். கம்பி நார் போட்டால் கீறல் விழும். அடியில் காற்றுப் போகும் துவாரத்தில் கரப்பான் புகாமல் பாருங்கள்.

விலை ரூ. 2,850. ஓராண்டு வாரண்டி உண்டு, கண்ணாடி உடைந்தால் அதில் சேராது.