எந்தக் கல் நம்முடையது?

1980இல் விடுதலை பெற்ற ஒரு நாடு, தன் பெயரையே ஓர் இடிபாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. கிரேட் ஜிம்பாப்வே. சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி, சில இடங்களில் 11 மீட்டர் வரை எழுப்பிய சுவர்கள். இதை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்றே வெள்ளையர் ஆட்சி சாதித்துவந்தது. அங்கே கிடைத்த மாக்கல் பறவை இன்று தேசியக் கொடியில் இருக்கிறது. பறிக்கப்பட்டதைத் திரும்ப வாங்கும்போது யாருக்கும் தயக்கம் வராது.

சரி, அடக்கி ஆண்ட அந்நியன் கட்டிவிட்டுப் போனதை என்ன செய்வது? சியோலில் ஜப்பானியத் தலைமைச் செயலகம், கொரிய அரண்மனையை மறைத்தபடி 1926 முதல் நின்றது. தேசிய அருங்காட்சியகமாகக்கூட இருந்தது. 1995இல், விடுதலை நாளன்று, அதன் கோபுர முனையை அறுத்து இறக்கினார்கள். இப்போது அது சோனான் நகரில் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. பார்ப்பவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முழுக் கட்டடத்தையும் இடித்திருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். அடிமைப்பட்ட காலத்துக்கும் சாட்சி வேண்டுமே.

இடிப்பதைவிட என்னை அதிகம் வருத்துவது கைவிடுவது. குரோவேஷியாவில், பெட்ரோவா கோரா மலைமேல், நாஜி எதிர்ப்புப் போராளிகளுக்காக யூகோஸ்லாவியா 1981இல் கட்டிமுடித்த நினைவகம் இருக்கிறது. நாடு பிரிந்த பிறகு அதன் எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இடிக்கச் சொல்லி எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. காவலுக்கு ஆள் போடாததே போதுமானதாக இருந்தது.