குருசடிக்கு அப்பால் 36 மீட்டர்

ஓடிடிஆர் கருவி 2,846 மீட்டர் என்று காட்டியது. குலசேகரத்திலிருந்து அருமனைப் பக்கம் போகும் ஃபைபர் கேபிளில் பன்னிரண்டு இழையும் அங்கேதான் அறுந்து கிடக்கின்றன. ஆனால் கருவி அளப்பது இழையை, ரோட்டை அல்ல. ஜாயின்ட் குழிகளில் சுருட்டி வைத்த கேபிளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். எங்கே எவ்வளவு சுருட்டியிருக்கிறது என்பது ரூட் படத்தில்தான் உண்டு.

செல்வின் படத்தை ஜீப்பின் பானட்டில் விரித்தான். யாரோ பால்பாயிண்ட் பேனாவால் கையாலேயே வரைந்தது. மடிப்புகளில் தாள் நைந்துபோய், மையும் வெளுத்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் 20 மீட்டர், முதல் ஜாயின்டில் 10. 2,740இல் சிலுவை நிற்கும் குருசடி, அங்கே இரண்டாவது ஜாயின்ட். அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யம் மட்டும் மிச்சம். முன்னால் இருந்த எண் 1ஆ, 4ஆ?

டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தான். மை போன இடத்தில் பேனா அழுத்திய பள்ளம் நிழலாக எழுந்தது. பின்பக்கம் திருப்பி நகத்தால் தடவினான். 4. அப்படியென்றால் 40 மீட்டர். மொத்தம் 70 கழித்தால் 2,776. குருசடியிலிருந்து 36 மீட்டர்.

டேப் பிடித்து அளந்தார்கள். 36இல் காங்கிரீட் ஓடை, ஒரு கீறல்கூட இல்லை. உதவிக்கு வந்த பையன் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

மணி மூன்று இருக்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து தலையில் லைட்டோடு பால்வெட்டுக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

“என்ன மக்கா தேடுதிய?”

“கேபிள் அறுந்துட்டு அண்ணே. இந்தக் குருசடியில இருந்து அளக்கோம், சரியா வரல்ல.”

“இது மாத்திக் கெட்டினதுல்லா! பண்டு அந்தா அந்த வளவுல நின்னுது. ரோட்டை அகலப்படுத்தினப்போ இங்க கொண்டு வந்தாவ. பழைய அஸ்திவாரக் கல்லு இன்னும் கெடக்கு.”

கல்லைக் காலால் தட்டிக் காட்டிவிட்டு, அடுத்த மரத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அங்கிருந்து 36 மீட்டர் ஒரு புதுக் கேட்டுக்கு முன்னால் முடிந்தது. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய மண், மழையில் லேசாக உள்வாங்கியிருந்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில், கேபிள் போகும் குழாய் உடைந்து, உள்ளே கேபிளை நசுக்கிக்கொண்டு ஒரு கருங்கல்.

சாதாரணமாக இப்படி அறுந்தால் இடையில் புதுத் துண்டு போட்டு இரண்டு ஜாயின்ட் அடிக்க வேண்டும். அந்த 40 மீட்டரை ஏன் விட்டு வைத்தார்கள் என்று அப்போதுதான் செல்வினுக்குப் புரிந்தது. பழைய குழியைத் திறந்து, சுருளிலிருந்து ஆறு மீட்டர் உருவினார்கள். ஒரே ஜாயின்ட் போதும். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வரிசையாக ஒட்ட ஒட்ட ஒளி இழப்பு 0.03, 0.02 டெசிபல் என்றே வந்தது.

“லிங்க் வந்தாச்சு,” என்றது கன்ட்ரோல் ரூம்.

செல்வின் படத்தை மறுபடி விரித்து, 40ஐ அடித்துவிட்டு 34 என்று அழுத்தி எழுதினான். புதுக் குருசடிக்கு ஒரு சிலுவை போட்டு, பழைய கல்லிலிருந்து அதற்கு எத்தனை மீட்டர் என்று அளக்கப் பையனை டேப்போடு அனுப்பினான்.