பணிநீக்கத்துக்குப் பின் பணிக்கொடையும் நிலுவைத் தொகைகளும் கோரிக் கடிதம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

கோயம்புத்தூர்
4-3-2024

அனுப்புநர்:
ஆ. முருகேசன், டோக்கன் எண் 417,
முன்னாள் தொழிலாளி, ரிங் ஃபிரேம் பிரிவு

பெறுநர்:
மனிதவள மேலாளர் அவர்கள்,
நூற்பாலை நிர்வாகம், கோயம்புத்தூர்

ஐயா,

20-2-2024 தேதியிட்ட உத்தரவின்படி அன்றே பணிநீக்கம் செய்யப்பட்டேன். கணக்கு முடிக்க வந்தபோது, "டிஸ்மிஸ் ஆனவருக்கு கிராஜுட்டி கிடையாது" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணிக்கொடைச் சட்டம், 1972, பிரிவு 4(6)இன்படி, நிறுவனச் சொத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதற்காக நீக்கியிருந்தால் அந்த இழப்பின் அளவுக்குப் பிடிக்கலாம். கலவரம், வன்முறை, அல்லது வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கியிருந்தால் மட்டுமே முழுவதுமாகவோ பகுதியாகவோ மறுக்கலாம். உத்தரவில் என்மீதுள்ள குற்றச்சாட்டு, 9 நாள் அனுமதியின்றி வராதது ஒன்றுதான்.

பணிக்காலம்: 4-6-2012 முதல் 20-2-2024 வரை 11 ஆண்டு, 8 மாதம், 17 நாள். மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டுவதால் 12 ஆண்டு. 1-7-2013இல்தான் நிரந்தரமானேன் என்று அந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டாம். அப்படிச் செய்தால் ஓராண்டுக்கான ரூ.8,850 குறைந்துவிடும். அதற்கு முன்பும் நான் அப்ரெண்டிஸ் அல்ல, தற்காலிகத் தொழிலாளி. பி.எஃப். பிடித்தம் 2012 ஜூன் மாதச் சம்பளத்திலிருந்தே உள்ளது.

பணிக்கொடை: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.15,340. வீட்டு வாடகைப்படியைச் சேர்க்கவில்லை.
15,340 ÷ 26 × 15 × 12 = ரூ.1,06,200
(30ஆல் வகுத்தால் ரூ.92,040தான் வரும்; அது தவறான கணக்கு.)

சம்பளம்: பிப்ரவரி 1 முதல் 20 வரை ஞாயிறு நீங்கலாக 17 நாள். வாடகைப்படி ரூ.1,820 உட்பட மாதம் ரூ.17,160, ஒரு நாளுக்கு ரூ.660.
17 × 660 = ரூ.11,220

ஈட்டிய விடுப்பு: விடுப்பு அட்டைப்படி 22 நாள் மீதம்.
22 × 660 = ரூ.14,520

மொத்தம் ரூ.1,31,940. தீபாவளி அட்வான்ஸ் பாக்கி ரூ.2,000, பிப்ரவரிக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். பணிக்கொடையில் எதையும் பிடிக்கக் கூடாது. 2023-24 போனஸ் மற்றவர்களுக்கு வழங்கும்போது எனக்கும் வர வேண்டும்.

சம்பளமும் விடுப்புத் தொகையும் நீக்கிய இரண்டாம் வேலை நாளுக்குள், அதாவது 22-2-2024க்குள், தந்திருக்க வேண்டும். அவற்றை உடனே என் சம்பளக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். பணிக்கொடைக்குக் கெடு 21-3-2024. தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி, அதாவது மாதம் ரூ.885 சேரும், பணிக்கொடைச் சட்டக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'என்' படிவத்தில் மனுச் செய்வேன்.

பி.எஃப். இணையதளத்தில் பணி முடிந்த தேதியை 20-2-2024 என்று பதிந்து, பணிச் சான்றிதழும் தர வேண்டுகிறேன். தேதி பதியாவிட்டால் என் பி.எஃப். பணத்தை எடுக்க முடியாமல் நிற்கும்.

இத்தொகைகளைப் பெறுவதால் பணிநீக்கத்தை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது. தொழிற்தகராறு சட்டம், பிரிவு 2ஏஇன் கீழ் அதை எதிர்க்கும் என் உரிமை அப்படியே நிற்கிறது.

இப்படிக்கு,
ஆ. முருகேசன்

இணைப்பு: 'ஐ' படிவ விண்ணப்பம், பணிநீக்க உத்தரவு நகல், ஜனவரி 2024 சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் முதல் பக்கம், விடுப்பு அட்டை நகல்