இயந்திரப் பட்டறைக் கூடம்: விளக்கமைப்பு அறிக்கை

கூடத்தின் அளவு 48 × 24 மீட்டர், பரப்பு 1152 சதுர மீட்டர். இரவு ஷிப்டில் பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகளின் கீழ் அளந்தபோது சராசரி 140 லக்ஸ்தான் வந்தது. கடைசி லேத் அருகே 70 லக்ஸ். அங்கே வேலை செய்பவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வெர்னியர் படிக்கிறார்.

தேவையான வெளிச்சம்

ஈஎன் 12464-1 தரநிலைப்படி சாதாரண கடைசல் வேலைக்குச் சராசரி 300 லக்ஸ், சீர்மை 0.6. 0.1 மி.மீ.க்கும் நுணுக்கமான வேலைக்கு 500 லக்ஸ். கூடம் முழுவதற்கும் 300 போதும்; மூலையில் உள்ள 6 × 4 மீட்டர் அளவிடும் பகுதிக்கு மட்டும் 500 கொடுக்கிறோம்.

பராமரிப்புக் காரணி

மற்ற எண்களெல்லாம் இதைப் பொறுத்தவை. எல்இடி ஒளி காலப்போக்கில் குறைவதற்கு 0.90, விளக்குக் கண்ணாடியில் படியும் அழுக்குக்கு 0.85, சுவரும் கூரையும் மங்குவதற்கு 0.94. பழுதான விளக்கை உடனே மாற்றுவார்கள் என்று வைத்து அதற்கு 1.0. பெருக்கினால் 0.72.

இங்கே கூலன்ட் ஆவி மேலே போய்க் கண்ணாடியில் பிசுக்காகப் படிகிறது. அதன் மேல் தூசி ஒட்டினால் வெறுந்துணிக்கு வராது. 0.85 என்பது ஆண்டுக்கு ஒருமுறை சோப்புநீரால் துடைத்தால்தான் பொருந்தும். இரண்டு ஆண்டு விட்டால் அதை 0.76 என்றே எடுக்க வேண்டும். மொத்தக் காரணி 0.64 ஆகி, சராசரி 280 லக்ஸுக்குக் கீழே போய்விடும்.

கணக்கு

150 வாட் எல்இடி ஹைபே, ஒன்றுக்கு 21,000 லூமென். தொங்கும் உயரம் 8 மீட்டர், வேலைத்தளம் 0.8, இடையே 7.2 மீட்டர். அறைக் குறியீடு 2.2. அதற்குப் பயன்பாட்டுக் காரணி 0.85.

```
N = (E × A) / (F × UF × MF)
  = (300 × 1152) / (21000 × 0.85 × 0.72)
  = 26.9
```

27-ஐ நான்கு வரிசையாகச் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் 28. புதிதில் சராசரி 434 லக்ஸ், பராமரிப்புக் காரணியோடு 312. மொத்தம் 4.2 கிலோவாட், சதுர மீட்டருக்கு 3.65 வாட்.

அமைப்பு

நீளவாட்டில் 7, அகலவாட்டில் 4. இடைவெளி 6.86 மற்றும் 6 மீட்டர். சுவரிலிருந்து அதில் பாதி. எல்லாம் கிரேன் பாலத்துக்கு மேலே வருகின்றன. கிரேன் நிற்கும் இடத்தில் நிழல் விழத்தான் செய்யும். லேத்துகளுக்கு நேர் மேலே அதை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

மூலையில் பொது வெளிச்சம் 260 லக்ஸ்தான் இருக்கும் என்று கொண்டோம். அங்கே 4,000 லூமென் நீள்விளக்குகள் நான்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் 540-ஐத் தாண்டும்.

அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸில் இணைக்க வேண்டும். டிரைவரும் மினுக்கம் குறைந்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் சுழலும் சக் நின்றுவிட்டதுபோல் தெரியும், கை போய்விடும்.

ஒப்படைக்கும்போது 100 மணி நேரம் எரியவிட்டு, இருட்டிய பிறகு லக்ஸ் மீட்டரால் அளக்க வேண்டும். அப்போது சராசரி 430-ஐ ஒட்டி வர வேண்டும். 312 வந்தாலே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.